ரெம்பிராண்டுக்கு எந்தக் கை?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எனக்கு ஒரு சின்னப் பழம்பொருள் கடை. பெரிய வீடு ஏதாவது பிரியும்போது தூண், கதவு, பீங்கான் ஜாடி எல்லாம் பெரிய கடைக்காரர்கள் கைக்குப் போய்விடும். மிச்சம் மீதி என்னிடம் வரும். போன வருஷம் அப்படி வந்த தட்டுமுட்டில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. உள்ளே டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் எட்சிங் படங்களுடைய அச்சு நகல்கள், தனித்தனித் தாளாக. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தாலும் கோடுகள் துல்லியமாகத் தெரிந்தன.

நான் பிறவியில் இடக்கைக்காரன். ஆத்தா கரண்டியால் அடித்து அடித்து என்னை வலக்கையால் எழுதவும் சாப்பிடவும் பழக்கிவிட்டார்கள். அதனால் பெரிய மனுஷர் யாராவது இடக்கைக்காரர் என்று கேள்விப்பட்டால் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். இந்த வழக்கில் நான் ஒரு பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதிர்த் தரப்பு வாத்தியார். என்னோடு ஒன்றாகப் படித்தவர், ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் நாலு மணி டீக்குக் கடைக்கு வருவார். அன்றைக்குப் பெட்டியை அவர் முன்னால் திறந்து வைத்து, "ரெம்பிராண்ட் நம்ம ஆளு, வாத்தியாரே. இடக்கை" என்றேன்.

"யாருப்பா சொன்னது?"

"படமே சொல்லுது. இந்த நிழலைப் பாருங்க."

என் வாதம் இதுதான். பென்சிலைப் பிடித்து வேகமாக நிழல் போட்டால் கை மணிக்கட்டில் ஊன்றிச் சுழலும். வலக்கைக்காரர் போடும் கோடுகள் இடப்பக்கம் கீழே இருந்து வலப்பக்கம் மேலே ஏறுகிற மாதிரி சாயும். இடக்கைக்காரர் போட்டால் நேர் எதிர், இடப்பக்கம் மேலே இருந்து வலப்பக்கம் கீழே இறங்கும். லியொனார்டோ டா வின்சி இடக்கைக்காரர் என்பதற்கு அவர் நண்பர் லூகா பாச்சோலி எழுதி வைத்தது ஒரு சாட்சி என்றால், அவருடைய ஓவியத் தாள்களில் இப்படி இறங்குகிற கோடுகள் இன்னொரு சாட்சி. என் பெட்டியில் இருந்த ரெம்பிராண்ட் தாள்களிலும், பின்னணியில் வேகமாக நிழல் போட்ட இடங்களில், கோடுகள் பெரும்பாலும் இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலு தாளைப் புரட்டினார். ஏறு கோடு, இறங்கு கோடு என்று அவரே பேர் வைத்தார். "நீ சொல்ற விதி சரி. கோடு இறங்குறதும் சரி. ஆனா இது தாள்ல போட்ட கோடு இல்லையே, தகட்டுல போட்டது."

எட்சிங் எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. செப்புத் தகட்டின்மேல் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் அதில் வரைவார்கள். ஊசி போன வழியில் மெழுகு விலகிச் செம்பு வெளியே தெரியும். தகட்டை அமிலத்தில் போட்டால் அந்த இடம் மட்டும் அரிக்கும். மெழுகை எடுத்துவிட்டு, அரித்த பள்ளங்களில் மையைத் தேய்த்து, மேல் மையைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளைக்கு நடுவில் அழுத்தி எடுத்தால் படம் தாளில் ஏறும். ரப்பர் ஸ்டாம்பு மாதிரி இடம் வலமாக மாறித்தான் ஏறும். தகட்டில் ஏறு கோடாக இருந்தது தாளில் இறங்கு கோடாகிவிடும். "அப்போ இந்தத் தாள்ல கோடு இறங்குதுன்னா அவர் கை ஏத்தித்தான் போட்டிருக்கு. உன் சாட்சி எனக்குத்தான் சாதகம்" என்றார் வாத்தியார்.

நான் விடவில்லை. "கையெழுத்தைப் பாருங்க. நேராத்தானே இருக்கு? தாள்ல எல்லாம் இடம் வலமா மாறும்னு அவருக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே பேரைத் தகட்டுல திருப்பி எழுதியிருக்கார்? பேரைத் திருப்பினவர் படத்தையும் திருப்பிப் போட்டிருக்க மாட்டாரா?"

இந்தக் கேள்வி நியாயமானது என்று வாத்தியாரும் ஒத்துக்கொண்டார். வரைந்தவர் திருப்பினாரா இல்லையா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. ஒரு மரம் இடப்பக்கம் இருந்ததா வலப்பக்கம் இருந்ததா என்று இப்போது யாரிடம் போய்க் கேட்பது? இடம் வலம் மாறவே முடியாத ஒரு பொருள் படத்தில் இருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

அப்படி ஒரு பொருள் அதே பெட்டியில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது நான்தான் என்பது என் துரதிர்ஷ்டம்.

சங்கு சொன்ன சாட்சி

அது 1650-ல் ரெம்பிராண்ட் போட்ட ஒரு சின்னப் படம், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. ஒரே ஒரு கூம்புச் சங்கு, கருப்பு மேனியில் வெள்ளைத் திட்டுகளோடு, மேசைமேல் கிடக்கிற மாதிரி. கூம்புச் சங்குகளில் இந்த வகைக்குக் கோனஸ் மார்மோரியஸ் என்று பேர். ரெம்பிராண்டுக்குச் சங்கு, சிப்பி சேர்க்கிற பழக்கம் உண்டு. கடனில் மூழ்கி 1656-ல் அவர் வீட்டுச் சாமான்களைப் பட்டியல் எடுத்தபோது அதிலும் சங்குகள் வந்தன.

எங்கள் கடையில் ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு கூம்புச் சங்கு பேப்பர் வெயிட்டாகக் கிடந்தது. வேறு வகைதான், ஆனால் அதே குடும்பம். வாத்தியார் அதை எடுத்துப் படத்தில் இருக்கிற வாக்கிலேயே தாள் பக்கத்தில் வைத்தார். உருவம் பொருந்தியது, சுழி பொருந்தவில்லை. என் சங்கின் உச்சியில் சுழி ஒரு பக்கம் திரும்பியது, படத்தில் எதிர்ப்பக்கம். சங்கை எப்படித் திருப்பி வைத்தாலும் பொருந்தவில்லை. பொருந்தவும் பொருந்தாது. இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் எப்படியோ அப்படி.

சங்குக்கு முறுக்குத் திசை என்று ஒன்று உண்டு, அது நமக்குத் தெரியாத விஷயமா? வலம்புரி ஒன்று கிடைத்தால் தலையை அடகு வைத்தாவது வாங்குகிற ஊர் இது. (நாம் வலம்புரி என்பதைத்தான் உயிரியல்காரர்கள் இடமுறுக்கு என்கிறார்கள். அவர்கள் சங்கைப் பிடித்துப் பார்க்கிற விதம் வேறு. இதை வைத்து நானும் வாத்தியாரும் அரை மணி நேரம் தனியாகச் சண்டை போட்டோம், அது இங்கே வேண்டாம்.) உச்சியை மேலே வைத்து வாயை நம்மைப் பார்க்கத் திருப்பினால், சாதாரணச் சங்குக்கு வாய் வலப்பக்கம் இருக்கும். கூம்புச் சங்குகளும் அப்படித்தான். ரெம்பிராண்டின் படத்தில் இருப்பது எதிர்முறுக்கு.

வாத்தியார் எழுந்துபோய் என் சங்கைச் சுவரோரம் நின்ற பெல்ஜியம் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். கண்ணாடிக்குள் தெரிந்த சங்கும் தாளில் இருந்த சங்கும் ஒரே முறுக்கு.

"இப்ப என்ன சொல்றே?"

சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணுக்கு முன்னால் கிடந்த சங்கை அவர் பார்த்தபடியே தகட்டில் வரைந்திருக்கிறார். அச்சில் அது திரும்பிவிட்டது. அதே தகட்டில் பேரையும் வருஷத்தையும் மட்டும் இடம் வலமாகத் திருப்பி எழுதியிருப்பதால் அவை தாளில் ஒழுங்காக வந்திருக்கின்றன. என் சந்தேகத்துக்கு, அதாவது 'பேரைத் திருப்பியவர் படத்தையும் திருப்பியிருப்பாரே' என்பதற்கு, அவரே ஒரே தகட்டில் பதில் எழுதி வைத்திருக்கிறார். எல்லாத் தகட்டிலும் இப்படித்தான் செய்தார் என்று ஒரு சங்கை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பேர் நேராக இருப்பதால் படமும் நேர் என்று இனிமேல் நான் வாதாட முடியாது.

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பார்த்தேன். சங்கு சரியாக இருந்தது, கையெழுத்து புரண்டிருந்தது. ரெம்பிராண்ட் தகட்டைக் குனிந்து பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது இதுதான்.

எக்ஸ்ரே இரண்டு

கோடு அச்சில் திரும்பும் என்பது புத்திக்கு எட்டினாலும், கையால் செய்து பார்க்காமல் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. செம்புத் தகடும் அமிலமும் நமக்கு வேண்டாம் என்று வாத்தியார் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழியைச் சொன்னார். ஆத்தாவின் பழைய முழங்கால் எக்ஸ்ரே பிலிம் ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் காம்பஸ் முள்ளால் அழுத்திக் கீறினோம். கீறலில் கருப்பு ஆயில் பெயிண்டை விரலால் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் மேலாகத் துடைத்து, நனைத்து ஒற்றிய டிராயிங் தாளை மேலே வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தோம்.

முதல் தடவை வெறும் புகை மாதிரி வந்தது. தாள் காய்ந்துவிட்டிருந்தது, மையையும் நான் அதிகமாகத் துடைத்துவிட்டேன். இரண்டாவது நன்றாக வந்தது. வாத்தியார் தன் வலக்கையால் பிலிமில் போட்ட ஏறு கோடுகள் தாளில் இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நான் இடக்கையால் போட்ட இறங்கு கோடுகள் ஏறிக்கொண்டிருந்தன. அந்தத் தாளை மட்டும் பார்க்கிறவர் எங்கள் இரண்டு பேர் கையையும் மாற்றித்தான் சொல்வார்.

எட்சிங்கில் தோற்றாயிற்று. ஆனால் என்னிடம் இன்னொரு எக்ஸ்ரே இருந்தது.

லண்டனில் கென்வுட் ஹவுஸ் என்ற மாளிகையில் ரெம்பிராண்டின் பெரிய சுயஓவியம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1665-ல் வரைந்தது, அவருக்கு அறுபது வயது நெருங்குகிற சமயம். பின்னால் சுவரில் இரண்டு பெரிய வட்டங்களின் பகுதி தெரியும். இன்றைக்குப் பார்த்தால் வண்ணப்பலகையும் தூரிகைகளும் கை ஊன்றுகிற கோலும் இடக்கையில் இருக்கின்றன. அப்படியானால் வரைகிற கை வலக்கை. ஆனால் அந்த ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்தபோது அடியில் வேறு படம் தெரிந்தது. எக்ஸ்ரேயில் ஈயவெள்ளை கலந்த வண்ணம் எலும்பு மாதிரி வெளுப்பாகத் தெரியும், அதனால் மேலே பூசி மறைத்ததும் வெளியே வந்துவிடும். முதலில் அவர் தூரிகையை இடக்கையில் பிடித்துத் துணியில் வரைந்துகொண்டிருப்பதாகத்தான் போட்டிருந்தார். பிறகுதான் மாற்றியிருக்கிறார்.

"முதல்ல உண்மையைப் போட்டுட்டார். அப்புறம் ஊர் என்ன சொல்லுமோன்னு மறைச்சிட்டார். என் ஆத்தா செஞ்ச வேலையை அவரே தனக்குச் செஞ்சுக்கிட்டார்" என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் தொண்டை அடைத்தது.

வாத்தியார் பதில் பேசாமல் மறுபடியும் பெல்ஜியம் கண்ணாடியிடம் போனார். ரசம் அங்கங்கே உரிந்த கண்ணாடி, ஆனாலும் ஆள் உயரம் தெரியும். இடக்கையில் ஒரு தாம்பாளத்தை வண்ணப்பலகையாக ஏந்திக்கொண்டு, வலக்கையில் ஒரு சோப்புத் துண்டோடு நின்று, கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தையே கண்ணாடிமேல் கோடிழுத்து வரைந்தார். தலை, தோள், தாம்பாளம் எல்லாம் வந்துவிட்டன. சோப்பைப் பிடித்த கைதான் வரவில்லை. அதுதானே வரைந்துகொண்டிருக்கிறது, எங்கே நிற்கும்? மற்றதெல்லாம் முடிந்த பிறகு, கை எங்கே இருந்தது என்று நினைவில் வைத்துக் கடைசியாகப் போட்டார். கண்ணாடி பார்த்துத் தன்னை வரைகிற எல்லா ஓவியருக்கும் இந்தத் தொல்லை உண்டு என்றார். பார்க்க வேண்டிய கை ஓயாது, ஓய்ந்தால் வரைய முடியாது.

விலகி வந்து கடைப் பையனைக் கூப்பிட்டார். அவன் இதெல்லாம் நடந்தபோது வெளியே டீ வாங்கப் போயிருந்தான்.

"தம்பி, இந்தப் படத்துல இருக்கற ஆளு எந்தக் கையால வரையறான்?"

பையன் பார்த்தவுடன் சொன்னான்: "லெஃப்ட்டு சார்."

அடுத்து நான். வலக்கையில் தாம்பாளம், இடக்கையில் சோப்பு. வாத்தியார் அளவுக்கு வரவில்லை, ஆனாலும் கை எது தாம்பாளம் எது என்று தெரிந்தது. பையனிடம் கேட்டோம். "இவரு ரைட்டு."

கண்ணாடியில் நம் வலக்கை நமக்கு நேராக வலப்பக்கமே தெரிகிறது. அதை அப்படியே வரைந்தால், பார்க்கிறவர் எதிரே நிற்கிற ஆளாக நினைத்துக்கொள்வார். எதிரே நிற்கிறவருக்கு நம் வலப்பக்கம் இடக்கை அல்லவா? எனவே கென்வுட் ஓவியத்தில் ரெம்பிராண்ட் முதலில் கண்ணாடியில் கண்டதைக் கண்டபடி போட்டிருந்தால், தூரிகை இடக்கையில் வருவது வலக்கைக்காரருக்குத்தான் நடக்கும். இடக்கைக்காரராக இருந்திருந்தால் முதல் படத்தில் வலக்கையில் வந்திருக்க வேண்டும். பார்க்கிறவர்கள் தப்பாக நினைப்பார்களே என்றுதான் பிறகு மாற்றினார் என்று கொள்வதுதான் இயல்பு.

இங்கே ஒரு ஓட்டை இருந்தது, அதையும் விட்டுவிடக் கூடாது. 'கண்டபடி போட்டிருந்தால்' என்பது ஊகம். முதலில் போட்டது கண்ணாடியில் கண்டது, பிறகு போட்டது திருத்தம் என்று நாம் வைத்துக்கொள்கிறோம். அது பொருத்தமான ஊகம்தான், ஆனாலும் ஊகம். அச்சும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், எதுவுமே குறுக்கே நின்று இடம் வலத்தை மாற்றாத ஒரு சாட்சி வேண்டும் என்றேன். வாத்தியாருக்கும் அது சரியாகப்பட்டது.

தாளில் நேராகப் போட்டவை

அப்படிப்பட்ட சாட்சி பேனா ஓவியங்கள். ரெம்பிராண்ட் நாணல் பேனாவாலும் இறகுப் பேனாவாலும் பழுப்பு மையில் தாளில் நேரடியாக வரைந்தவை ஏராளம். அவற்றில் எதுவும் திரும்புவதில்லை, அவர் கை போட்ட சாய்வு அப்படியே இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற ரைக்ஸ்மியூசியம் தன்னிடம் உள்ள படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. வாத்தியாரின் பேரனுடைய டேப்லெட்டில் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம்.

பார்ப்பதற்கு முன்பே எதைக் கணக்கில் எடுப்பது என்று பேசி வைத்துக்கொண்டோம். இல்லாவிட்டால் எனக்குப் பிடித்த கோட்டை நான் எண்ணுவேன், அவருக்குப் பிடித்ததை அவர் எண்ணுவார். கன்னம், தோள், மடிப்பு என்று உருவத்தைச் சுற்றி வளைகிற நிழல் சேராது, அதன் திசையை உருவம் தீர்மானிக்கிறது, கை அல்ல. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய நிழலும் சேராது. பின்னணியில், சுவரில், தரையில், அவசரமாக ஒரே வீச்சில் இணையாகப் போட்ட கோடுகள் மட்டுமே சாட்சி. தாளைச் சாய்த்து வைத்து வரைந்தால் சாய்வு மாறும் என்பதால் ஒரு படத்தை வைத்து முடிவு இல்லை.

சில படங்கள் எந்தப் பக்கமும் பேசவில்லை. பேசியவை திரும்பத் திரும்ப ஏறு கோட்டையே காட்டின. ஒரு இடத்தில் வாத்தியார் திரையை இரண்டு விரலால் விரித்துக் காட்டினார். ஒவ்வொரு கோடும் ஒரு முனையில் மை தேங்கித் தடித்து, மறு முனையில் உலர்ந்து மெலிந்து முடிந்தது. பேனா எங்கே ஊன்றி எங்கே எடுபட்டது என்று வீச்சே தெரிந்தது. அதே சாய்வைப் போட்டுப் பார்க்க நான் இடக்கையில் பேனாவை எடுத்தேன். போட முடிந்தது, ஆனால் முழங்கையை விலாவிலிருந்து தூக்கித் திருகிக்கொண்டுதான். வேகமாக ஒருவர் காலமெல்லாம் அப்படிப் போட மாட்டார்.

"சரி வாத்தியாரே, வலக்கை" என்றேன். பந்தயம் வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையலோடு.

ஆனால் எழுந்திருக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இடக்கைக்காரன் என்று சொல்லிக்கொள்கிற நானே கணக்கு நோட்டை வலக்கையால்தானே எழுதுகிறேன்? அந்த நோட்டின் ஓரத்தில் சும்மா நிழல் போட்டிருந்த இடத்தைக் காட்டினேன். எல்லாம் ஏறு கோடு, வலக்கையில் போட்டது.

வாத்தியார் நோட்டை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "அதுவும் சரிதான். கோடு சொல்றது பேனா பிடிச்ச கையைத்தான். பிறந்த கையை அது சொல்லாது." லியொனார்டோவின் கதையும் அவருக்கு நினைவு வந்தது. 1473 ஆகஸ்ட் 5 என்று தேதி போட்ட அவருடைய ஒரு நிலக்காட்சியை ஃபுளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் ஆராய்ந்து, அவர் இரண்டு கையாலும் எழுதியிருக்கிறார் என்று 2019-ல் அறிவித்தார்கள். இடக்கைக்காரர்களிலேயே பேர்போனவர் விஷயத்தில் அப்படி.

ஆகவே தீர்ப்பை இரண்டாக எழுதிக்கொண்டோம். ரெம்பிராண்ட் வரைந்த கை வலக்கை, அதில் சந்தேகம் வேண்டாம். அவருடைய அம்மாவும் கையில் கரண்டி வைத்திருந்தாரா என்பது எந்த எக்ஸ்ரேயிலும் தெரியாது.

பந்தயம் முதல் பாதிக்குத்தான் என்பதால் பணியாரம் நான்தான் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரிக்கும்போது வாத்தியார் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நூல் முடிச்சை இடக்கையால் அவிழ்த்து, இலையை வலக்கையால் அவரிடம் நீட்டினேன்.